உயரமான வண்டியில் கிளம்பும் முன்: பாலம், கம்பி, கடைசி ஐந்து கிலோமீட்டர்

கன்டெய்னர் டிரெய்லருக்குப் புதிதாக வரும் டிரைவர்கள் பெரும்பாலும் நீளத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நாற்பது அடி வண்டியை எப்படித் திருப்புவது, ரிவர்ஸ் எப்படி எடுப்பது என்பதுதான் முதல் கவலை. நீளமாவது கண்ணாடியில் தெரியும், கொஞ்ச நாளில் கை பழகிவிடும். உயரம் அப்படி இல்லை. கேபினில் உட்கார்ந்திருப்பவருக்கு, தன் தலைக்குப் பின்னால் நிற்கும் கன்டெய்னரின் மேல் மூலை கண்ணில் படவே படாது. அதனால் உயரத்தைக் கண்ணால் மதிப்பிட முடியாது, எண்ணாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஒரு லோடை எடுத்துக்கொண்டு பேசுவோம். காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஒரு நாற்பது அடி ஹை-கியூப் கன்டெய்னர் ஏற்றுகிறீர்கள், இறக்க வேண்டிய இடம் வாலாஜாபாத் தாண்டி ஒரு கிராமத்து ரோட்டில் உள்ள குடோன். மீஞ்சூர், வெளிவட்டச் சாலை, நசரத்பேட்டையில் பெங்களூர் ஹைவே, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், அப்புறம் வாலாஜாபாத். இதில் ஹைவே வரைக்கும் பெரிய கவலை இல்லை, அது இந்த மாதிரி வண்டிகளுக்காகவே போட்ட ரோடு. மெயின் ரோட்டை விட்டு இறங்கி குடோன் கேட்டுக்குள் நுழையும் வரை உள்ள அந்தக் கடைசி ஐந்து கிலோமீட்டரில்தான் வண்டிகள் மாட்டுகின்றன.

முதல் வேலை: இன்றைய உயரத்தை அளப்பது

"நம்ம வண்டி பதினாலு அடி" என்று யாராவது சொன்னால் அதை வைத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். எந்தக் கன்டெய்னரை வைத்து, எந்த டிரெய்லரில், எந்த இழுவை வண்டியோடு சேர்த்து அளந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. இந்த மூன்றில் எது மாறினாலும் உயரம் மாறும்.

சாதாரண கன்டெய்னரின் உயரம் 2.59 மீட்டர், அதாவது எட்டரை அடி. ஹை-கியூப் 2.90 மீட்டர், ஒன்பதரை அடி. இரண்டும் தள்ளி நின்று பார்த்தால் ஒரே மாதிரிதான் இருக்கும், ஆனால் நடுவில் ஒரு முழு அடி வித்தியாசம். ஹை-கியூப் என்றால் மேல் மூலைகளில் மஞ்சளும் கறுப்புமாகச் சாய்ந்த கோடுகள் ஒட்டியிருக்கும், கதவில் கன்டெய்னர் எண்ணுக்குக் கீழே `45G1` என்று இருக்கும். சாதாரண நாற்பது அடி என்றால் அங்கே `42G1`. யார்டில் ஏற்றும்போதே இதைப் பாருங்கள், பேப்பரில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட கதவில் இருப்பது நம்பகமானது.

டிரெய்லர் பெட்டின் உயரத்தை நீங்களே டேப் வைத்து அளக்க வேண்டும். சமமான தரையில், லோடு ஏற்றிய பிறகு, முன்னால் ஒரு இடத்தில், பின்னால் ஒரு இடத்தில். ஏன் இரண்டு இடம் என்றால், இழுவை வண்டியில் டிரெய்லரைப் பூட்டும் தட்டு உயரமாக இருந்தால் டிரெய்லர் பின்னால் தாழ்ந்து முன்னால் தூக்கி நிற்கும், வேறு வண்டி பூட்டினால் இந்தக் கணக்கு மாறிவிடும். இரண்டில் எது பெரியதோ அதுதான் உங்கள் எண். நம் லோடில் பெட் 1.55 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1.55 உடன் 2.90 சேர்த்தால் 4.45 மீட்டர். அடியில் சொன்னால் பதினாலு அடி ஏழு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல், எப்போதும் மேல்பக்கமாகத்தான் முழுமையாக்க வேண்டும், அதனால் பதினாலு அடி எட்டு அங்குலம். மீட்டரிலும் அடியிலும் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவிடுங்கள், ஏனென்றால் போர்டுகளில் மீட்டர் இருக்கும், வழி கேட்கும் இடத்தில் எல்லோரும் அடியில்தான் பேசுவார்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி சாதாரண சரக்கு வண்டிக்கு உயர வரம்பு 4 மீட்டர், கன்டெய்னர் ஏற்றிய வண்டிக்கு 4.52 மீட்டர். இது 2020-இல் திருத்தப்பட்ட அளவு. அகல வரம்பு 2.6 மீட்டர். நம் வண்டி 4.45, அதாவது சட்டத்துக்குள் ஏழு சென்டிமீட்டர்தான் மிச்சம். பெட் பத்து சென்டிமீட்டர் உயரமான வேறு டிரெய்லராக இருந்தால் இதே கன்டெய்னர் சட்டத்தைத் தாண்டிவிடும். லோடு அனுமதித்த உயரத்தையோ அகலத்தையோ தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194(1A) பிரிவின்படி இருபதாயிரம் ரூபாய் அபராதம், அதற்கு மேல் லோடை இறக்கும் செலவும் உங்கள் தலையில். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: சட்டப்படி சரியான உயரம் என்றால் எல்லாப் பாலத்துக்கும் அடியில் போகலாம் என்று அர்த்தம் இல்லை. வழியில் இருக்கும் பழைய ரயில் பாலம் இந்த விதி வருவதற்கு வெகு காலம் முன்பே கட்டியதாக இருக்கலாம்.

பாலத்தில் எழுதியிருக்கும் எண்

சிவப்பு வட்டத்துக்குள் மேலும் கீழும் கூர்முனையோடு எண் இருந்தால் உயர வரம்பு, இடமும் வலமும் கூர்முனை இருந்தால் அகல வரம்பு. நாலு வழிச் சாலையின் குறுக்கே போகும் பெரிய பாலங்களுக்கு அடியில் ஐந்தரை மீட்டர் இடைவெளி விடுவது வழக்கம், அங்கே நின்று யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் அதே ஹைவேயில் ஊருக்குள் போக, கால்நடை போக என்று சின்னச் சின்ன சுரங்கப்பாதைகள் உண்டு, அவை மூன்று மீட்டர், நாலு மீட்டர்தான் இருக்கும். சர்வீஸ் ரோட்டில் போய்க்கொண்டிருக்கும்போது யூ-டர்ன் போட வசதியாகத் தெரிகிறதே என்று அதில் வண்டியை விட்டு மாட்டுகிறவர்கள் நிறைய.

போர்டில் 4.6 என்று எழுதியிருக்கிறது, நம் வண்டி 4.45, பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறதே, போகலாமா? அப்படியே போகக்கூடாது. முதலில், அந்த எண் எழுதிய நாளுக்குப் பிறகு ரோடு போட்டிருப்பார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே ஒரு அடுக்கு போட்டால் நாலைந்து சென்டிமீட்டர் ஏறிவிடும், இரண்டு முறை போட்டால் பத்து சென்டிமீட்டர் போச்சு, போர்டு மட்டும் பழையபடியே இருக்கும். எப்படிக் கண்டுபிடிப்பது? ரோட்டோரத்தைப் பாருங்கள். நடைபாதையின் விளிம்புக்கல் ஏறக்குறைய தார் மட்டத்துக்கு அமுங்கியிருந்தால், ரோட்டோர வீடுகளின் வாசல்படி ரோட்டை விடத் தாழ்ந்திருந்தால், ரோடு ஏறியிருக்கிறது. அப்புறம் பாலத்தின் அடியைப் பாருங்கள், கான்கிரீட்டில் அல்லது இரும்பு கர்டரில் புதிதாக உரசிய தழும்பு, பெயின்ட் கோடு இருந்தால் உங்களுக்கு முன்னால் யாரோ தட்டியிருக்கிறார்.

இரண்டாவது விஷயம் சப்வேயின் பள்ளம். ரோடு கீழே இறங்கி மறுபடி ஏறும் இடத்தில், நீளமான டிரெய்லரின் முன் சக்கரங்கள் எதிர் ஏற்றத்திலும் பின் சக்கரங்கள் இந்தப் பக்க இறக்கத்திலும் நிற்கும்போது, நடுப்பகுதி பள்ளத்தின் மேல் பாலம் போட்டது போலத் தூக்கி நிற்கும். சரியாக அந்த நேரத்தில்தான் கன்டெய்னரின் நடு உடம்பு ரயில் கர்டருக்கு அடியில் இருக்கும். பள்ளம் எவ்வளவு திடீரென்று இறங்குகிறது என்பதைப் பொறுத்து ஐந்திலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை இதிலேயே போய்விடும். சின்ன லாரி தாராளமாகப் போன சப்வேயில் அதே உயரமுள்ள நீள டிரெய்லர் மாட்டுவது இதனால்தான். முன் மூலை தாண்டிவிட்டது என்று நிம்மதியாகி ஆக்சிலேட்டரை மிதித்தால் நடுவில் மாட்டும்.

எனவே என் கணக்கு இது: சமமான ரோட்டில் போர்டு எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் இடையே குறைந்தது இருபது சென்டிமீட்டர் இருக்க வேண்டும், பள்ளமான சப்வேயாக இருந்தால் முப்பது. அதற்குக் கீழே என்றால் இறங்கி அளக்காமல் நுழைய வேண்டாம். கையடக்க லேசர் அளவுகோல் ஒன்று கேபினில் இருந்தால் தாழ்ந்த கர்டருக்கு நேர் கீழே தரையில் வைத்து ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம். இடது ஓரம், நடு, வலது ஓரம் என மூன்று இடத்தில் அளங்கள். வளைவுப் பாலமாக இருந்தால் நடுவில் இருக்கும் உயரம் ஓரத்தில் இருக்காது, உங்கள் கன்டெய்னரின் மூலையோ ஓரத்தில்தான் போகும்.

ரயில்வே கேட்

செங்கல்பட்டு – அரக்கோணம் பாதை வாலாஜாபாத் வழியாகத்தான் போகிறது, மின்சாரப் பாதை. இந்த மாதிரிப் பாதையில் லெவல் கிராசிங் இருந்தால், கேட்டுக்கு இரண்டு பக்கமும் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு சட்டமோ தொங்கும் கட்டைகளோ இருக்கும், அதுதான் ஹைட் கேஜ். அதன் உயரம் 4.7 மீட்டரை ஒட்டி இருக்கும். நம் 4.45 வண்டி அடியில் போகும், ஆனால் இடைவெளி ஒரு அடிகூட இல்லை.

மேலே போகும் கம்பியில் 25,000 வோல்ட். வீட்டுக் கம்பி போலத் தொட்டால்தான் ஷாக் என்று நினைக்காதீர்கள், பக்கத்தில் போனாலே காற்றைத் தாண்டிப் பாயும். அதனால் ஹைட் கேஜில் தட்டினால், அது சின்னக் கீறல்தானே என்று முன்னால் நகர்த்தக் கூடாது, தொங்கும் கட்டையைக் கிளீனர் கையால் தூக்கிப் பிடித்து வண்டியை விடவும் கூடாது. அந்தக் கட்டை இருப்பதே உங்களை நிறுத்துவதற்குத்தான். நின்று, கேட் கீப்பரிடம் சொல்லி, பின்வாங்கி வேறு வழி பாருங்கள். கேட்டின் இரு பக்கமும் ரோடு மேடாக ஏறித் தண்டவாளத்தைத் தாண்டும் இடமாக இருந்தால், முன்னால் போகும் வண்டி தண்டவாளத்தை முழுதாகத் தாண்டி உங்களுக்கு இடம் விடும் வரை நுழையவே நுழையாதீர்கள்.

ஈ.பி. கம்பி

இதுதான் கடைசி ஐந்து கிலோமீட்டரின் உண்மையான ஆபத்து. ரோட்டுக்குக் குறுக்கே போகும் தாழ்வழுத்தக் கம்பி 5.8 மீட்டர் உயரத்திலும், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டர் உயரத்திலும் இருக்க வேண்டும் என்பது விதி. இதை மட்டும் கேட்டால் 4.45 மீட்டர் வண்டிக்கு என்ன கவலை என்று தோன்றும். ஆனால் தெரு அல்லாத இடத்தில், அதாவது வயல், காலி மனை, குடோன் வளாகம் போன்ற இடங்களில், 11 ஆயிரம் வோல்ட் வரையுள்ள திறந்த கம்பிக்குக் குறைந்தபட்சம் 4.6 மீட்டர் இருந்தாலே போதும் என்று விதியே சொல்கிறது. அது போட்ட நாளின் அளவு. வெயில் காலத்து மதியத்தில், லோடு அதிகமாக இருக்கும்போது கம்பி சூடாகி நீண்டு தொய்யும். கம்பம் சாய்ந்திருந்தால் இன்னும் தாழும். கம்பிக்கு அடியில் மண் கொட்டி மேடாக்கி லாரி நிற்க இடம் செய்திருந்தால், கம்பி இருந்த இடத்திலேயே இருக்கும், நீங்கள்தான் மேலே போயிருப்பீர்கள். காலை ஆறு மணிக்குச் சுலபமாக நுழைந்த வளாகத்திலிருந்து மதியம் மூன்று மணிக்கு வெளியே வரும்போது மறுபடி பாருங்கள்.

திறந்த மின்கம்பிக்கு இருபது சென்டிமீட்டர் கணக்கெல்லாம் கிடையாது. கன்டெய்னர் தலைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு ஆள் கை நீட்டும் அளவுக்காவது இடம் இருப்பது தெளிவாகத் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். அதை அளக்கிறேன் என்று இரும்புக் குழாயோ டேப்போ மேலே தூக்காதீர்கள். குடோன்காரரைக் கூப்பிட்டு அந்தப் பகுதி லைன்மேனை வரவழைக்கச் சொல்லுங்கள், லைனை அணைத்துத்தான் வண்டியை எடுக்க வேண்டும் என்றால் அதைச் செய்ய அதிகாரம் உள்ளவர் அவர்தான்.

ஊருக்குள் இன்னொரு தொல்லை, கேபிள் டி.வி. வயரும் இன்டர்நெட் வயரும். இவற்றை ஈ.பி. கம்பத்திலேயே கட்டி, தெருவுக்குக் குறுக்கே இஷ்டத்துக்குத் தொங்கவிட்டிருப்பார்கள். கிளீனர் கன்டெய்னர் மேல் ஏறி உட்கார்ந்து மூங்கிலால் வயரைத் தூக்கிவிட்டுக்கொண்டே போவது நம் ஊரில் சர்வசாதாரணம். தயவுசெய்து அதை அனுமதிக்காதீர்கள். எது டி.வி. வயர், எது வீட்டுக்குப் போகும் மின்வயர் என்று இருட்டில் தெரியாது, டி.வி. வயர் தோல் உரிந்து மின்கம்பியோடு உரசிக்கொண்டிருந்தால் அதிலும் கரண்ட் இருக்கும். போதாததற்கு, வண்டி நகரும்போது அடுத்த கம்பி அவர் கழுத்து உயரத்தில் வரும். அப்புறம் கன்டெய்னரின் மூலை வார்ப்பில் பெரிய ஓட்டைகள் உண்டு, தொங்கும் வயர் அதில் போய்க் கொக்கி போல் மாட்டிக்கொள்ளும். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் நகர நகர அது கம்பத்தையே இழுத்துச் சாய்க்கும்.

ஆடி மாதம், தேர்தல் நேரம், கோயில் திருவிழா என்றால் போன வாரம் இல்லாத தோரணமும் வளைவும் சீரியல் லைட்டும் இந்த வாரம் இருக்கும். போன முறை போன வழிதானே என்ற பேச்சு அங்கே எடுபடாது.

அகலம்

அகலத்துக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கன்டெய்னர் 2.44 மீட்டர்தான், ஆனால் இரண்டு கண்ணாடியையும் சேர்த்தால் மூன்று மீட்டர் வரை வரும், குறுகிய வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முதலில் இடிப்பது அதுதான். தண்ணீர் வடிய ரோடு ஓரத்துக்குச் சாய்ந்திருக்கும், நாற்பதுக்கு ஒன்று என்ற சாதாரண சாய்வில்கூட நாலரை மீட்டர் உயரத்தில் கன்டெய்னரின் தலை பதினோரு சென்டிமீட்டர் இடது பக்கம் சாயும். கீழே சக்கரம் கம்பத்திலிருந்து நன்றாகத் தள்ளியிருக்க, மேலே மூலை புளியமரக் கிளையிலோ கடையின் தகரக் கூரையிலோ போய் இடிப்பது இதனால். ஓரம் ஒதுங்கச் சொல்லி எதிர் வண்டி ஹாரன் அடித்தாலும், மேலே பார்க்காமல் ஒதுங்காதீர்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் பாதை பார்ப்பது

கூகுள் மேப் காருக்கும் பைக்குக்கும் வழி சொல்கிறது, உங்கள் உயரத்தை அது கேட்பதே இல்லை. நேரத்தை மிச்சம் பிடிக்க சப்வேக்குள் தாராளமாக அனுப்பிவைக்கும். அதனால் அதை வழி சொல்ல விடாமல், வழியைச் சோதிக்க மட்டும் பயன்படுத்துங்கள். சாட்டிலைட் படத்தில் பாதை முழுக்க விரலால் நகர்த்திப் பார்த்து, ரயில் பாதையை எங்கே கடக்கிறோம், அங்கே மேம்பாலமா, கேட்டா, சப்வேயா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீட் வியூ இருந்தால் அந்த இடத்தில் இறங்கிப் பார்க்கலாம், படம் எடுத்த மாதமும் வருடமும் ஓரத்தில் இருக்கும், அதையும் கவனியுங்கள்.

அப்புறம் குடோனுக்கு போன் போடுங்கள். "வண்டி வருமா?" என்று கேட்டால் "எவ்வளவோ வண்டி வருது சார், வாங்க" என்பார்கள். அது பதில் இல்லை. இப்படிக் கேளுங்கள்: "ஹை-கியூப் நாற்பது அடி, பதினாலு அடி எட்டு அங்குலம் உயரம். இதே மாதிரி கடைசியா எப்ப வந்துச்சு? எந்தப் பக்கமா வந்துச்சு? கேட்டுக்கு மேல வளைவு இருக்கா? உள்ளே லைன் போகுதா?" கடைசியாக வந்த டிரைவரின் நம்பர் கிடைத்தால் இன்னும் நல்லது. பதில் மழுப்பலாக இருந்தால், கடைசி ஐந்து கிலோமீட்டரை அவர்கள் ஆளை பைக்கில் போய் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், கேமரா ரோட்டைப் பார்க்காமல் மேலே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால், மெயின் ரோட்டில் இடம் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, நீங்களே யாருடைய பைக்கிலாவது ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரம்தான். திரும்ப முடியாத ஒரு தெருவில் நாற்பது அடி வண்டியை ரிவர்ஸ் எடுப்பதற்கு இதைவிட அதிக நேரம் ஆகும். பார்க்கும்போதே, மாட்டினால் எங்கே திருப்புவது என்று ஒரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வரும் வழியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். சரக்கு இறக்கிய காலி கன்டெய்னரோடு வரும்போது எடை குறைந்து ஸ்பிரிங் பட்டைகள் நிமிரும், டயரும் நிமிரும், வண்டி சில சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். லோடோடு உரசாமல் போன அதே பாலத்தில் காலியாகத் திரும்பும்போது தட்டுவது இப்படித்தான். இறக்கி முடித்ததும் டேப்பை எடுத்து மறுபடி அளந்து, டாஷ்போர்டு எண்ணை மாற்றி எழுதுங்கள்.

சந்தேகமான இடத்தில் நுழைவது, மாட்டினால் செய்வது

அளந்து பார்த்தாகிவிட்டது, போகும் என்று தெரிகிறது, ஆனாலும் இடைவெளி குறைவு. ஹசார்ட் லைட் போட்டு நிறுத்துங்கள். கிளீனர் இறங்கி, வண்டிக்கு முன்னால் பக்கவாட்டில், உங்கள் கண்ணாடியில் தெரியும்படி தள்ளி நிற்க வேண்டும், பாலத்துக்கும் வண்டிக்கும் நடுவில் நிற்கக் கூடாது. அவர் கை காட்டினால் மட்டும் நகருங்கள், அவர் கண்ணில் படவில்லை என்றால் நில்லுங்கள். முதல் கியரில், பிரேக்கில் கால் வைத்து, முன் மூலை, நடு, பின் மூலை மூன்றும் தாண்டும் வரை ஒரே வேகம்.

பாலத்தில் மாட்டிவிட்டால் முன்னால் இழுத்து எடுக்கப் பார்க்காதீர்கள். ரயில் பாலமாக இருந்தால் மேலே தண்டவாளம் நகர்ந்திருக்கலாம், வண்டியை எடுப்பதற்கு முன்பே ரயில்வேக்குச் சொல்ல வேண்டும். பாலத்தின் சுவரிலோ கர்டரிலோ பாலத்தின் எண் எழுதியிருக்கும், அதைப் படித்துப் பக்கத்து ஸ்டேஷனுக்கோ 139-க்கோ சொல்லுங்கள். அவர்கள் சரி என்ற பிறகு டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் சில சென்டிமீட்டர் கிடைக்கும், வந்த வழியாகவே மெதுவாகப் பின்வாங்கலாம்.

மின்கம்பி தொட்டுவிட்டால் கேபினிலேயே உட்காருங்கள். இறங்காதீர்கள், இதுதான் முதல் விஷயம். கம்பி தொட்டிருக்கும் வரை வண்டி முழுக்கக் கரண்ட், ஒரு கால் படியிலும் ஒரு கால் மண்ணிலும் வைக்கும் அந்த நொடியில் அது உங்கள் வழியாகத்தான் இறங்கும். ஜன்னல் வழியாகக் கத்தி எல்லோரையும் பத்து மீட்டருக்கு அப்பால் போகச் சொல்லுங்கள், உதவ ஓடி வருகிறவர்தான் முதலில் மாட்டுவார். 94987 94987, இது மின்வாரியத்தின் மின்னகம் எண், அதற்கு போன் செய்து பக்கத்துக் கம்பத்தின் எண்ணையும் ஊர்ப் பெயரையும் சொல்லுங்கள். கம்பி தீப்பொறி விடுவது நின்றாலும் கரண்ட் போய்விட்டது என்று நினைக்காதீர்கள், சில நேரம் தானாகவே மறுபடி வரும். லைன்மேன் வந்து, அணைத்தாகிவிட்டது என்று நேரில் சொன்ன பிறகே இறங்க வேண்டும்.

வண்டி தீப்பிடித்தால் மட்டும்தான் இதற்கு விலக்கு. அப்போது கதவைத் திறந்து, படியில் கால் வைக்காமல், எதையும் பிடிக்காமல், இரண்டு காலையும் ஒட்டி வைத்துத் தரையில் குதிக்க வேண்டும். குதித்த பிறகு ஓடாதீர்கள், கால்களை அகட்டாதீர்கள். பாதங்கள் ஒன்றையொன்று உரசும்படி சின்னச் சின்னதாகத் தேய்த்துத் தேய்த்துப் பத்து மீட்டர் தாண்டுங்கள், ஏனென்றால் தரையிலும் கரண்ட் பரவியிருக்கும், இரண்டு கால் இரண்டு இடத்தில் பட்டால் உடம்பு வழியாகப் பாயும். கம்பியை எடுத்த பிறகும் டயர்களுக்குப் பக்கத்தில் உடனே போய் நிற்க வேண்டாம். உள்ளே சூடாகி வெந்திருந்தால் வெகு நேரம் கழித்துக்கூட வெடிக்கும்.